சமூக ஊடகமும் இளையோர் அடையாளமும்: கோஃப்மனை வைத்துக் கட்டுரை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

"தலைப்பு கடல் மாதிரி இருக்கிறது. 1,500 சொல்லுக்குள் எதை எழுதுவது?"

கட்டுரைக்குக் கொடுக்கப்படும் கேள்வி இது: 'சமூக ஊடகம் இளையோர் அடையாளத்தை எவ்வாறு உருவாக்குகிறது? ஒரு சமூகவியல் கோட்பாட்டைக் கொண்டு விளக்குக.' இந்தத் தலைப்பில் மூன்று பெரிய சொற்கள் இருக்கின்றன: சமூக ஊடகம், இளையோர், அடையாளம். மூன்றையும் சுருக்கிய பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும். சமூக ஊடகம் முழுவதையும் விட்டுவிட்டு, அதில் நடக்கும் ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். இளையோர் எல்லோரையும் விட்டுவிட்டு, ஒரு வயதையும் ஒரு நிலைமையையும் எடுங்கள். அடையாளம் என்பதை, "யார் முன்னால் யாராகத் தெரிகிறோம்" என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தப் பக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொள்ளும் பழக்கம், ஒருவரே இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது. ஒன்று எல்லோருக்கும், இன்னொன்று நெருங்கிய சிலருக்கு. இளைஞர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பழக்கம் இது. 2016 பிப்ரவரியில் ஒரே செயலிக்குள் கணக்கு மாறும் வசதி வந்தது. அதன்பின் வெளியேறி மறுபடி உள்நுழையும் தொல்லையும் இல்லாமல் போயிற்று. கட்டுரைக்கு இது ஏன் தோது என்றால், "இந்த ஆளுக்கு இது தெரியலாம், அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது" என்ற முடிவு இங்கே கண்ணுக்குத் தெரியும்படி எடுக்கப்படுகிறது. மனதுக்குள் நடப்பதை ஊகிக்க வேண்டிய தேவை குறைகிறது.

சொற்களைப் பங்கிட ஒரு வழி: அறிமுகத்துக்கு 150, கோட்பாட்டுக்கு 300, எடுத்துக்காட்டை அலசுவதற்கு 750, கோட்பாட்டின் எல்லைக்கு 200, முடிவுக்கு 100. பெரும்பாலான கட்டுரைகளில் கோட்பாடு 800 சொல்லைத் தின்றுவிடுகிறது, எடுத்துக்காட்டுகள் ஆளுக்கு ஒரு வரியாக வந்து போகின்றன. படித்ததை ஒப்பிக்கிற கட்டுரைக்கும் படித்ததைப் பயன்படுத்துகிற கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பங்கீட்டிலேயே தெரிந்துவிடும்.

"எந்தக் கோட்பாடு பொருத்தம்? மீட், பூர்டியூ, பட்லர் என்று கோட்பாட்டாளர்கள் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் நன்றாக இருக்காதா?"

இருக்காது. கேள்வியே ஒரு கோட்பாட்டைத்தான் கேட்கிறது. இரண்டு வந்தால் இரண்டும் அரைகுறையாகும்.

சமூக வாழ்வை மேடை நாடகம் போலப் பார்த்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனின் நாடகவியல் அணுகுமுறையைப் பரிந்துரைக்கிறோம். மனிதர்கள் ஒருவர் முன் ஒருவர் இருக்கும்போது, தங்களைப் பற்றி எதிராளி மனதில் என்ன பதிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த முயல்கிறார்கள் என்பது அதன் அடிப்படை. இதை மனப்பதிவு மேலாண்மை என்கிறோம். இரட்டைக் கணக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எந்த உடை, எந்தச் செல்போன், எந்தப் பயணம் உயர்வு என்று கருதப்படுகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் பூர்டியூவிடம் போங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு மனச்சோர்வு என்பது கேள்வி என்றால் அது உளவியல் கட்டுரை, வேறு துறை.

"கோஃப்மன் எழுதியபோது இணையமே கிடையாதே. பழைய கோட்பாடு என்று ஆசிரியர் சொல்லிவிட்டால்?"

இந்தக் கோட்பாட்டை அவர் முன்வைத்த 'தி பிரசன்டேஷன் ஆஃப் செல்ஃப் இன் எவ்ரிடே லைஃப்' நூலின் முதல் பதிப்பு 1956இல் எடின்பரோவில் வந்தது. பரவலாகப் படிக்கப்படும் விரிவான பதிப்பு 1959இல் அமெரிக்காவில் வெளியானது. அதற்கான களப்பணி நடந்தது ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் ஒன்றில். அங்கிருந்த ஒரு சிறிய விடுதியில் அவர் கவனித்த ஒரு விஷயத்தைக் கட்டுரையில் பயன்படுத்திப் பாருங்கள். 'பழசு' என்ற ஆட்சேபத்துக்கு அதுவே பதிலாகும்.

அந்த விடுதியின் சமையலறைக் கதவு ஓயாத தகராறாக இருந்தது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்வரும் பணிப்பெண்களுக்குக் கதவு திறந்தே இருந்தால் வசதி. விடுதியை நடத்தியவர்களுக்கோ அது மூடியிருக்க வேண்டும். காரணம், விருந்தினர்கள் அவர்களை நடுத்தர வர்க்கத்தவராக நினைத்திருந்தார்கள். சமையலறைக்குள் அவர்கள் உட்காரும் விதம், பேசும் விதம், சாப்பிடும் விதம் எல்லாம் தீவின் எளிய விவசாயிகளுடையது. கதவு திறந்தால் அந்த நடுத்தர வர்க்கத் தோற்றம் கலைந்துவிடும்.

இணையம் இல்லாத காலத்தின் கதவு அது. ஆனால் அதன் வேலை, இந்தக் கூட்டத்துக்கு ஒரு காட்சி, அந்தக் கூட்டத்துக்கு வேறு காட்சி என்று பிரித்துவைப்பது. கோஃப்மன் இதைப் பார்வையாளர்களைப் பிரித்துவைத்தல் என்றார். இரண்டாவது கணக்கு, 'பிரைவேட்' பூட்டு, 2018 நவம்பரில் வந்த 'க்ளோஸ் ஃபிரண்ட்ஸ்' பட்டியல் எல்லாமே அந்தக் கதவின் வாரிசுகள். யார் கதவைத் திறக்க விரும்புகிறார், யார் மூட விரும்புகிறார், ஏன் என்ற கேள்வி இன்றும் அதே கேள்விதான்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கட்டுரையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கோஃப்மன் பேசியது நேருக்கு நேர் நடக்கும் சந்திப்பைப் பற்றி. விருந்தினர் போனதும் காட்சி முடிந்துவிடும். இன்ஸ்டாகிராம் பதிவு முடிவதில்லை. போட்டவர் தூங்கும்போதும் அது யார் கண்ணிலாவது படுகிறது. சமூக ஊடக ஆய்வாளர் பெர்னி ஹோகன் 2010இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்தார். அந்தந்த நேரத்தில் நடந்து முடிவது நிகழ்த்துதல். பொருள்களாகச் சேமித்துவைத்து, பின்னர் யாரோ வந்து பார்ப்பது காட்சிக்கூடம். பழைய பதிவுகள் அடுக்கியிருக்கும் ப்ரொஃபைல் பக்கம் காட்சிக்கூடத்துக்கு நெருக்கம், நேரலை நிகழ்த்துதலுக்கு நெருக்கம். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த ஒரு திருத்தத்தோடு கோஃப்மனை இன்றைக்குக் கொண்டுவரலாம்.

"முன்மேடை என்றால் இன்ஸ்டாகிராம், பின்மேடை என்றால் நிஜ வாழ்க்கை. இப்படி எழுதலாம்தானே?"

இந்தத் தலைப்பில் எங்கள் கண்ணில் அதிகம் படும் பிழை இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பார்வையாளர் முன் காட்சி நடக்கும் இடம் முன்மேடை, அவர்கள் கண்ணில் படாமல் அதற்குத் தயாராகும் இடம் பின்மேடை. ஆனால் முன்மேடை என்பது நிலையான ஓர் இடத்தின் பெயராகக் கோஃப்மனிடம் இல்லை. ஒரு குறிப்பிட்ட பார்வையாளர் கூட்டத்தை வைத்துத்தான் ஓரிடம் முன்மேடையாகிறது. விருந்தினருக்கு முன் பின்மேடையாக இருக்கும் அதே சமையலறை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முன் மூத்த சமையல்காரரின் முன்மேடை. எனவே 'இது முன்மேடையா?' என்று கேட்பது போதாது, 'யாருக்கு முன்மேடை?' என்று கேட்க வேண்டும்.

இப்போது இரண்டாவது கணக்கைப் பாருங்கள். அதில் அழுத முகம், கலைந்த அறை, குறைந்த மதிப்பெண் எல்லாம் வருகின்றன. பார்த்தவுடன் பின்மேடை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த அழுத முகமும் எடுத்த பத்துப் படங்களில் தேர்ந்தெடுத்த ஒன்றாக இருக்கலாம். கேப்ஷன் நகைச்சுவையாக இருக்க வேண்டும் என்று எழுதாத விதி இருக்கிறது. வெறுமனே புலம்பினால் நண்பர்கள் சங்கடப்படுவார்கள். அங்கேயும் பார்வையாளர், எதிர்பார்ப்பு, தவறினால் முகம் சுளித்தல் எல்லாம் உண்டு. ஆகவே முதல் கணக்கின் பார்வையாளர்களை வைத்துப் பார்த்தால் அது பின்மேடை. தன் சொந்தப் பார்வையாளர்களை வைத்துப் பார்த்தால் அது சிறிய முன்மேடை. இந்த இரண்டு வாக்கியத்தை எழுதிவிட்டால் கட்டுரை மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரியும்.

இதே பிழையின் இன்னொரு முகம், 'உண்மையான நான், போலியான நான்' என்ற பிரிப்பு. முதல் கணக்கு பொய், இரண்டாவது கணக்கு மெய் என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். கோஃப்மனின் வாதம் கிட்டத்தட்ட இதற்கு எதிரானது. ஒருவருடைய 'நான்' என்பது உள்ளே ஏற்கெனவே இருந்து வெளியே வரும் பொருள் என்று அவர் சொல்லவில்லை. காட்சி வெற்றிகரமாக நடந்து முடியும்போது அதன் விளைவாக எழுவது என்கிறார். கேள்வியில் 'எவ்வாறு உருவாக்குகிறது' என்று இருக்கிறதே, அதற்கு விடை சொல்லும் கருவி இந்தக் கருத்துதான். போலி என்று சொன்ன உடனே அந்தக் கருவியைக் கையிலிருந்து போட்டுவிடுகிறீர்கள்.

"மைய வாதத்தை ஒரே வாக்கியத்தில் எப்படி எழுதுவது?"

மறுக்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். 'சமூக ஊடகம் இளையோர் அடையாளத்தில் நன்மையும் தீமையும் விளைவிக்கிறது' என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அதனாலேயே அது வாதம் ஆகாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ஸ்டாகிராம் பல பார்வையாளர் கூட்டங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது, இளையோர் இரண்டாவது கணக்கின் மூலம் அவர்களை மறுபடி பிரிக்கிறார்கள், அந்தப் பிரிவு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு 'நானை' எதிர்பார்க்கத் தொடங்குவதால், அடையாளம் அங்கே வெளிப்படுவதோடு நிற்காமல் உருவாகவும் செய்கிறது." இதில் மூன்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் ஓர் ஆதாரம் என்று கட்டுரை தானே வடிவம் பெறும். மூன்றாவது படியை யாரும் மறுக்கலாம். அந்த மறுப்பை எதிர்கொள்வதுதான் உங்கள் வேலை.

"ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் அலசிக் காட்டுங்கள். 'அவள் மனப்பதிவு மேலாண்மை செய்கிறாள்' என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை."

அலசுவதற்காக நாங்கள் அமைத்துக்கொண்ட ஒரு மாதிரி நிகழ்வு இது. கல்லூரி முதலாமாண்டு மாணவி ஒருத்தி, வயது 18. முதல் கணக்கில் 640 பேர் பின்தொடர்கிறார்கள்: பள்ளித் தோழர்கள், உறவினர்கள், சீனியர்கள், பழைய ஆசிரியை ஒருவர். இரண்டாவது கணக்கில் 31 பேர். பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தோல்வி. அன்றிரவு இரண்டாவது கணக்கில் மதிப்பெண் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, "இந்தப் பாடத்தோடு எனக்கு விவாகரத்து" என்று எழுதுகிறாள். மூன்று நாள் கழித்து முதல் கணக்கில் கல்லூரி விழாப் படம் ஒன்றைப் போடுகிறாள்.

முதலில் முகப்பைப் பாருங்கள். காட்சியை நடத்த ஒருவர் பயன்படுத்தும் கருவிகளுக்குக் கோஃப்மன் வைத்த பெயர் அது. அதில் பின்னணி, தோற்றம், தோரணை என்று மூன்று உண்டு. விழாப் படத்தில் பின்னணி கல்லூரி அரங்கு. தோற்றம் விழா உடை. தோரணை நண்பர்கள் நடுவே கேமராவைப் பாராமல் சிரிப்பது. மூன்றும் சேர்ந்து 'கல்லூரி வாழ்க்கையில் நன்றாகப் பொருந்திவிட்டவள்' என்று சொல்கின்றன. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால் அவள் பொய் சொல்லவும் இல்லை. சொல்லாமல் விட்டதும் காட்சியின் பகுதிதான் என்பதைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, வேண்டுமென்று தரும் குறிப்பும் தன்னையறியாமல் கசியும் குறிப்பும். கோஃப்மன் இந்த இரண்டையும் பிரிக்கிறார்; எதிராளி நம்புவது பெரும்பாலும் கசிவதைத்தான். ஆன்லைனில் கசிவு குறையும் என்று பலர் எழுதுகிறார்கள், ஏனென்றால் குரல் நடுக்கமும் முகமாற்றமும் தெரிவதில்லை. ஆனால் வேறு வழிகளில் கசிகிறது. வழக்கமாக நாள்தோறும் ஸ்டோரி போடுபவள் மூன்று நாள் மௌனம்; யாருடைய படத்துக்கு லைக் போட்டாள்; இரவு எத்தனை மணிக்குப் பதிவிட்டாள். நெருக்கமானவர்கள் இவற்றைப் படித்துவிடுவார்கள்.

மூன்றாவது, குழு. கோஃப்மனிடம் காட்சியைத் தனியாள் நடத்துவது அபூர்வம். விழாப் படத்தின் கீழே "எங்கள் வகுப்பின் நட்சத்திரம்" என்று எழுதும் தோழி, அந்த 31 பேரில் ஒருத்தி. அவளுக்குத் தோல்வி தெரியும். தெரிந்தும் தெரியாதது போல எழுதுகிறாள். ரகசியம் காக்கும் இந்தப் பொறுப்பினால்தான் 31 பேரும் குழுவாகிறார்கள். மாணவர் கட்டுரைகளில் அதிகம் விடுபடுவது இந்தப் புள்ளி; சமூகவியல் கட்டுரைக்குத் தேவையானதும் இதுதான், ஏனென்றால் தனிமனித உத்தியிலிருந்து உறவுகளுக்கு நகரும் இடம் இது.

இப்போது காட்சி உடைகிறது. 31 பேரில் ஒருவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மாணவியின் அக்கா முறை உள்ள ஒருவருக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் செல்போனுக்கு வருகிறது. அம்மாவுக்குத் தோல்வியை விட அந்த நகைச்சுவைதான் அதிர்ச்சி: "தோற்றதும் இல்லாமல் சிரிக்கிறாயா?" நண்பர்களுக்குத் துணிச்சலாகத் தெரிந்த அதே வரி அம்மாவுக்குப் பொறுப்பின்மையாகத் தெரிகிறது. சொல் மாறவில்லை, பார்வையாளர் மாறிவிட்டார். ஆலிஸ் மார்விக்கும் டானா பாய்டும் 2011இல் வெளியான ஆய்வில் விளக்கிய சூழல் சரிவு என்பது இதுவே: தனித்தனியாக இருந்த சூழல்கள் இடிந்து ஒன்றின்மேல் ஒன்று விழுவது.

பிறகு சரிசெய்தல். அம்மாவிடம் "சும்மா விளையாட்டுக்கு எழுதினேன்" என்கிறாள். பட்டியலை 31இலிருந்து 12 ஆக்குகிறாள். அடுத்த பதிவுகளில் மதிப்பெண் வருவதே இல்லை.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேள்விக்கு விடை இனிமேல்தான் வருகிறது. தோல்வியைச் சிரித்துக் கடப்பவள் என்று தன்னைக் காட்டியதால், மிஞ்சிய 12 பேர் அவளிடம் அதையே எதிர்பார்க்கிறார்கள். அடுத்த தேர்விலும் தோற்று, இம்முறை உண்மையிலேயே உடைந்துபோனால், அதைச் சொல்ல அந்தக் கணக்கில் இடம் இல்லை. அங்கே அவள் சிரிப்பவள். தன்னைக் குறிப்பிட்ட விதமானவர் என்று காட்டிக்கொள்பவர் அப்படியே இருக்கக் கடமைப்படுகிறார் என்று கோஃப்மன் சொல்வதன் பொருள் இதுதான். முதல் கணக்கின் 640 பேர் 'நன்றாகப் பொருந்தியவளை'க் கேட்கிறார்கள், இரண்டாவது கணக்கின் 12 பேர் 'எதற்கும் கலங்காதவளை'க் கேட்கிறார்கள். இரண்டு எதிர்பார்ப்புக்கும் பதில் சொல்லிச் சொல்லியே அவள் யார் என்பது உறுதியாகிறது. சமூக ஊடகம் 'உருவாக்குகிறது' என்ற சொல்லுக்கு இந்த அளவு துல்லியம் வேண்டும்.

"மாதிரி நிகழ்வை வைத்தே கட்டுரை எழுதினால் ஏற்பார்களா? உண்மையான ஆய்விலிருந்து ஏதாவது?"

மாதிரி நிகழ்வு கருத்தை விளக்கும், ஆதாரம் ஆகாது. அமைத்துக்கொண்டது என்றால் அப்படியே சொல்லிவிட்டு, வெளியான ஆய்வு ஒன்றையாவது பக்கத்தில் வையுங்கள். டானா பாய்ட் அமெரிக்கப் பதின்வயதினரிடம் செய்த ஆய்வுகளில் இரண்டு நிகழ்வுகள் இந்தத் தலைப்புக்காகவே நடந்தவை போலிருக்கும்.

ஒன்று 2005இல் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு கறுப்பின இளைஞன், பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தான். தன் பகுதியின் வன்முறைக் கும்பல்களிலிருந்து விலகிப் படிக்க விரும்புவதாகக் கட்டுரை எழுதியிருந்தான். சேர்க்கை அலுவலர், அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் அவனது பக்கத்தைப் பார்த்தால் அதில் கும்பல் சின்னங்கள். பையன் ஏன் பொய் சொல்கிறான் என்பது அலுவலரின் கேள்வி. பாய்ட் வேறு விதமாகப் பார்த்தார்: அந்தப் பக்கம் அலுவலருக்காக உருவானதே அல்ல, அந்தத் தெருவில் பத்திரமாக நடமாட, அங்குள்ளவர்கள் பார்ப்பதற்காக அவன் வைத்திருந்ததாக இருக்கலாம். கூப்பிடாத பார்வையாளர் உள்ளே வந்து, தனக்கான காட்சி என்று நினைத்துப் படித்துவிட்டார். பார்வையாளர் பிரிப்பு தவறினால் என்ன விலை என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டுவது கடினம்.

மற்றது மென்மையானது. காதல் முறிந்த ஒரு 17 வயதுப் பெண், ஃபேஸ்புக்கில் உற்சாகமாகத் தோன்றும் ஒரு பாடல் வரியைப் போட்டாள். அம்மா படித்து, மகள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். தோழிகளுக்கோ அந்தப் பாடல் படத்தில் மரண தண்டனைக் காட்சியில் வருவது என்று தெரியும், உடனே விசாரித்தார்கள். ஒரே பதிவு, ஒரே திரை, இரண்டு பொருள். கதவே இல்லாத இடத்தில் மொழியையே கதவாக்கிவிட்டாள் அந்தப் பெண். இரண்டாவது கணக்கு தேவைப்படாமலே பார்வையாளர்களைப் பிரிக்கலாம் என்பதற்கு இது சான்று. உங்கள் வாதத்தை இது கொஞ்சம் சிக்கலாக்கும், அதனால்தான் சேர்க்கச் சொல்கிறோம்.

"லைக், ஃபாலோயர் எண்ணிக்கை, அல்காரிதம் பற்றிக் கோஃப்மன் ஒன்றும் சொல்லவில்லையே. அதை எங்கே வைப்பது?"

எண்ணிக்கையையும் அல்காரிதத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒன்றைக் கோஃப்மனால் விளக்க முடியும், மற்றதை முடியாது.

பிறர் பார்க்கும்படி தன் மதிப்பைக் காட்டும் ஆசை புதிதல்ல. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் பற்றி 1937இல் சமூகவியலாளர் வில்லார்ட் வாலர் எழுதியதைக் கோஃப்மன் தன் நூலின் தொடக்கத்திலேயே எடுத்தாள்கிறார். தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில பெண்கள் உடனே போக மாட்டார்களாம். இன்னும் சில முறை கூப்பிடட்டும், மற்றவர்கள் காதில் விழட்டும் என்று இருப்பார்களாம். லைக் எண்ணிக்கையின் தாத்தா அது. மாறியது என்னவென்றால், அன்று அது காற்றில் கரைந்த ஒலி, இன்று பதிவின் கீழே நிற்கும் எண். ஒருவருடையதை இன்னொருவருடையதோடு ஒப்பிடலாம், ஒரு வருடம் கழித்தும் பார்க்கலாம். 2021இல் லைக் எண்ணிக்கையை மறைக்கும் தேர்வை இன்ஸ்டாகிராம் கொடுத்தது. மறைத்தால் மற்றவர்களுக்குத் தெரியாது, பதிவிட்டவர் பார்க்கலாம்.

அல்காரிதம் வேறு. கோஃப்மனின் நடிகருக்குத் தன் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். 640 பேரில் யாருக்கு இந்தப் படம் முதலில் காட்டப்படும், யாருக்குக் காட்டப்படவே மாட்டாது என்பது நம் மாணவிக்குத் தெரியாது. அவளும் முடிவெடுக்கவில்லை, பார்ப்பவர்களும் எடுக்கவில்லை. நடுவில் ஓர் ஒழுங்குபடுத்துபவர் இருக்கிறார். ஹோகன் அவரைக் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளருக்கு ஒப்பிட்டார். அவருக்கு லாபநோக்கும் உண்டு. முகத்தோடு முகம் பார்க்கும் சந்திப்பிலிருந்து எழுந்த கோட்பாடு இங்கே வந்து நின்றுவிடுகிறது. எல்லைகளுக்கென ஒதுக்கிய 200 சொல்லில் இதை எழுதுங்கள்.

"வேறு என்ன எல்லை இருக்கிறது? விமர்சனம் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்கிறார்கள்."

இரண்டாவதாக ஒன்று போதும்: எல்லோருக்கும் கதவு ஒரே விலையில் கிடைப்பதில்லை. வீட்டில் ஒரே செல்போன், அதுவும் அண்ணன் கையில் என்றால் இரண்டாவது கணக்கு எப்படி வைப்பது? அம்பலமானால் ஒருவருக்குக் கேலியோடு போகும், இன்னொருவருக்கு வீட்டில் படிப்பே நின்றுபோகும். தன்பாலீர்ப்பு உள்ள ஓர் இளைஞனுக்கு அந்தப் பூட்டு பொழுதுபோக்கு அல்ல, பாதுகாப்பு. 1959 நூல் எல்லா நடிகரையும் ஏறக்குறையச் சமமானவர் போல நடத்துகிறது. 1963இல் களங்கம் பற்றி எழுதிய நூலில், மறைக்க வேண்டியதைச் சுமந்து வாழ்பவர்களை அவரே விரிவாகப் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விமர்சனம் நேர்மையாக இருக்கும்.

"என் நண்பர்களின் இரண்டாவது கணக்கிலிருந்தே எடுத்துக்காட்டு எடுக்கலாமா? நான்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறேனே."

பட்டியலில் சேர்த்தது நண்பர் என்பதற்காக. ஆய்வாளர் என்பதற்காக அல்ல. அனுமதி இல்லாமல் எடுத்தால், கட்டுரையில் நீங்கள் விவரிக்கும் அதே ஸ்கிரீன்ஷாட்டை நீங்களே எடுத்தவர் ஆவீர்கள்.

கேட்டு, அவர் சம்மதித்தால், பெயரை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். கேப்ஷனை அப்படியே மேற்கோள் காட்டினால், அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் யாருடையது என்று உடனே கண்டுபிடிப்பார்கள். பொருள் கெடாமல் வேறு சொற்களில் எழுதுங்கள். கல்லூரி, பாடம், தேதி மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும், எனவே குறைந்தது இரண்டையாவது மாற்றுங்கள். எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுங்கள். வயது 18க்குக் கீழே என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளியான ஆய்வு போதும். உங்கள் துறையில் ஆய்வு நெறிமுறைக்கு ஒப்புதல் வாங்கும் விதி இருந்தால், அது நண்பர்களுக்கும் பொருந்தும்.

"'இன்றைய இளைஞர்கள் சமூக ஊடகத்துக்கு அடிமையாகிவிட்டனர்' என்று தொடங்கியிருந்தேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?"

அந்த வாக்கியத்தில் மூன்று பிரச்சினை. 'இன்றைய' என்பது முன்பு வேறு விதம் என்று ஆதாரமின்றிச் சொல்கிறது. வாலரின் தொலைபேசிப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 'அடிமை' என்பது மருத்துவச் சொல், அதை நிறுவும் ஆதாரம் உங்களிடம் இல்லை. இரண்டையும் விடப் பெரியது, வாக்கியத்தில் செயலி செய்கிறது, இளைஞர்கள் செய்யப்படுகிறார்கள். தொழில்நுட்பமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற இந்த எண்ணம், இளையோர் கதவுகளைக் கட்டுகிறார்கள் என்று சொல்லப்போகும் உங்கள் கட்டுரையை முதல் வரியிலேயே மறுத்துவிடுகிறது.

செயலில் தொடங்குங்கள். "ஒரே மாணவி, ஒரே வாரம், இரண்டு கணக்கு: ஒன்றில் விழாப் படம், மற்றதில் தோல்வி மதிப்பெண்." அடுத்த வரியில் கேள்வி, அதற்கடுத்து கோஃப்மன்.

"முடிவுரையில் என்ன எழுதுவது? அறிவுரை சொல்லலாமா?"

வேண்டாம், பெற்றோருக்கும் அரசுக்கும் சொல்லும் பரிந்துரை இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. தொடக்கத்தில் வைத்த மூன்று படிகளில் எது உறுதியாக நின்றது, எது ஆட்டம் கண்டது என்று எழுதுங்கள். கூட்டங்கள் ஒன்றாகச் சேர்வதும் அவற்றை இளையோர் பிரிப்பதும் ஆதாரத்தோடு நிற்கும். 12 பேரின் எதிர்பார்ப்பு அந்த மாணவியின் அடையாளத்தை எவ்வளவு தூரம் கட்டிப்போடுகிறது என்பதற்குப் பதிவுகளைப் பார்த்தால் மட்டும் போதாது. அவளிடமே பேச வேண்டும். அதை அப்படியே எழுதி, பேட்டி எடுத்தால் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்: "இரண்டு கணக்கிலும் போட முடியாமல் விட்டது என்ன?"